பால் சாக்லேட் உறைக்குள் நிலக்கடலை: விநியோகஸ்தருக்கு என்ன எழுதுவது?

கேள்வி

ஐயா, கோத்தகிரி அருகே ஐந்து பெண்களை வைத்துச் சாக்லேட் தயாரிக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். மார்ச் 18 அன்று காலையில் 50 கிராம் பால் சாக்லேட்டும், மதியம் நிலக்கடலை, முந்திரி சேர்த்த சாக்லேட்டும் போட்டோம். இரண்டு மேலுறைகளும் ஒரே பழுப்பு நிறம், ஓரப் பட்டை மட்டும்தான் வேறு. மேசையில் மீந்திருந்த பால் சாக்லேட் உறைகளில் சில கடலைச் சாக்லேட்டுக்குப் போய்விட்டன என்று இப்போது தெரிகிறது. கோவையில் அதைச் சாப்பிட்ட ஒரு குழந்தைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மருத்துவமனையில் பார்த்துச் சரியாகிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். எங்கள் கணக்குப்படி உறை மாறியவை 144 கட்டிகள், அதாவது 6 பெட்டிகள்.

கோவை விநியோகஸ்தருக்கு மின்னஞ்சல் அனுப்ப, "தர மேம்பாட்டுக்காக 0318 பேட்ச் சரக்கில் 6 பெட்டிகளைத் திருப்பி அனுப்பவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அவரோ, "மெயில் எல்லாம் வேண்டாம்மா, நானே சத்தமில்லாமல் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். ஆய்வக முடிவு வரும்வரை பொறுக்கலாமா? எங்கள் உறையில் "பருப்பு வகைகளின் சிறு அளவு இருக்கக்கூடும்" என்ற வரி ஏற்கெனவே இருக்கிறது, அது போதாதா? எழுத்தில் கொடுத்தால் நானே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?

— வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்படிப்பட்ட விஷயம் அடுத்த இதழ்வரை காத்திருக்காது என்பதால், உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினேன். அன்று சொன்னவற்றையும், பிறகு நடந்தவற்றையும், உங்கள் சம்மதத்துடன், இதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்படி இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களை யாரும் அடையாளம் காணாதிருக்க, நாள்களையும் எண்களையும் சிறிது மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த உறையில் உள்ள வரியைப் பற்றி. "இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை, ஒரே உருக்கும் பாத்திரத்திலும் ஒரே அச்சிலும் இரண்டு வகை செய்யும்போது, கழுவிய பிறகும் ஒட்டிக்கொண்டு வரக்கூடிய துகளுக்காக ஏற்பட்டது. நீங்களே அளந்து சேர்த்த பொருளுக்கு அது பொருந்தாது. 2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைப்படி, நிலக்கடலையும் மரக்கொட்டைப் பருப்புகளும் சேர்க்கப்பட்டிருந்தால் "உள்ளது" என்றே தெரிவிக்க வேண்டும். இவ்வளவுக்கும், நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அந்த உறையைத் திருப்பிப் பார்த்து, சேர்மானப் பட்டியலில் கடலை இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கியிருப்பார். கவனமாகப் படித்தவரைத்தான் இந்தப் பிழை ஏமாற்றுகிறது. "நம் ஊரில் கடலை ஒத்துக்கொள்ளாதவர் யார் இருக்கிறார்கள்" என்று தொலைபேசியில் கேட்டீர்கள்; உங்களுக்கு வந்த முதல் புகாரே அதற்குப் பதில்.

ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் 28ஆம் பிரிவு, தான் தயாரித்த உணவு சட்டத்துக்கு இணங்கவில்லை என்று நம்பக் காரணம் இருந்தாலே, தொழில் நடத்துபவர் அதை உடனடியாகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறத் தொடங்க வேண்டும் என்கிறது. நம்பக் காரணம் போதும், நிரூபணம் தேவையில்லை. உங்களிடம் இருப்பதோ வெறும் சந்தேகம்கூட அல்ல, உறைக் கணக்கு.

அதோடு, இந்த வகைப் பிழையில் ஆய்வு உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத் தரக்கூடும். பால் சாக்லேட் உறையிட்ட கட்டிகள் 1104. அவற்றில் 144இல் கடலை. குருட்டாம்போக்கில் ஐந்து கட்டிகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால், அந்த ஐந்திலும் கடலை இல்லாமல் போவதற்கு ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. உண்மையில் நிலை இன்னும் மோசம்: உறை மாறிய கட்டிகள் பரவலாகக் கலந்திராமல், அடுத்தடுத்து மடிக்கப்பட்டு, சில பெட்டிகளுக்குள் கொத்தாகக் கிடக்கும். அந்தப் பெட்டிகளில் கை வைக்காவிட்டால் அறிக்கை சுத்தமாகவே வரும். அந்த அறிக்கையை நம்பி மீதியை விற்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர்களையே உடைத்துப் பார்க்கச் சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். நீங்கள் கடலையை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதாகச் சொன்னதால், உடைத்த முகத்தில் அது கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. அந்த வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டுவதும் முறையல்ல.

ஆறு பெட்டியா, நாற்பத்தாறு பெட்டியா?

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் பாராட்டியது உறைக் கணக்கை. மிகவும் கவலைப்பட்டது அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைப் பார்த்து.

அன்று பால் சாக்லேட் 960 கட்டிகள், கடலைச் சாக்லேட் 720 கட்டிகள் போட்டிருக்கிறீர்கள். செலவான உறைகளோ, பால் 1104, கடலை 576. ஒரு பக்கம் 144 கூடுகிறது, மறுபக்கம் அதே 144 குறைகிறது. கணக்கு நேராக நிற்பதால், உறை மாறியது உண்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கழித்தல் தருவது நிகர எண்ணிக்கையை மட்டுமே. மதிய வேலையில் இருபது பால் சாக்லேட் கட்டிகள் தவறிக் கடலை உறைக்குள் போயிருந்தால், பால் உறைக்குள் போன கடலைக் கட்டிகள் 164 ஆகியிருக்கும். அப்போதும் உங்கள் கழித்தல் 144 என்றே காட்டும். ஆகவே 144 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. "144தான்" என்று எழுத்தில் எங்கும் சொல்லாதீர்கள். "குறைந்தது 144" என்று சொல்லுங்கள்.

அடுத்தது, அந்த 144 கட்டிகள் எந்த ஆறு பெட்டிகளில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியாது. பெட்டிக்கு 24 வீதம் 1104 கட்டிகள் 46 பெட்டிகளில் அடைக்கப்பட்டன. பெட்டிகளுக்கு வரிசை எண் கிடையாது. விநியோகஸ்தர் எந்த ஆறைத் திருப்பி அனுப்புவார்? கைக்கு எட்டிய ஆறை. ஆகவே, 0318 பேட்ச் எண் அச்சிட்ட, பால் சாக்லேட் உறையிட்ட 46 பெட்டிகளும் திரும்ப வர வேண்டும். இதற்குக் குறைவாக எதையும் நான் ஏற்கமாட்டேன். 17ஆம் தேதி, 19ஆம் தேதி உறைக் கணக்குகளைப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் சரியாக இருந்ததால், இந்தப் பேட்சோடு எல்லையை வரையறுக்க முடிந்தது. கணக்கு வைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் ஒரு வாரச் சரக்கையே திரும்ப அழைக்க நேரிடுகிறது.

உங்களுக்கென்றே ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. பேட்ச் எண்ணை நாளுக்கு ஒன்றாகப் போடுவதால், கடலைச் சாக்லேட் உறையிலும் அதே 0318 இருக்கிறது. மின்னஞ்சலில் பேட்ச் எண்ணை மட்டும் எழுதினால், குடோனில் இருப்பவர் கடலைச் சாக்லேட் பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, "எடுத்தாகிவிட்டது" என்று பதில் போட்டுவிடுவார். கடலை உறைக்குள் வெறும் பால் சாக்லேட் இருந்தால் ஒவ்வாமை ஆபத்து இல்லை, ஆனாலும் அதுவும் லேபிள் பிழையே. அதைத் தனியாக உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, அவர் முடிவுக்கு விடுங்கள். இந்தத் திரும்பப் பெறுதலோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

விநியோகஸ்தர் ஏன் மின்னஞ்சலை விரும்பவில்லை?

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதன் உள்ளர்த்தம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தப்புக் குறியீடு கொண்ட உணவை விநியோகிப்பவரையும் சட்டத்தின் 27ஆம் பிரிவு பொறுப்பாளி ஆக்குகிறது. எழுத்தில் தகவல் வராதவரை "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியும், வந்துவிட்டால் முடியாது. எனவே அவருக்கு மின்னஞ்சல் ஒரு சுமை, உங்களுக்கோ அது ஒரு பாதுகாப்பு. மேலும், கடைகளுக்குச் சரக்கு இறக்கும் அவருடைய ஆட்களுக்குக் காட்ட எழுத்தில் ஒன்று இல்லையென்றால், பேட்ச் எண் வாய்மொழியாகப் போய், மூன்றாவது கடைக்குள் 0318 என்பது 0381 ஆகிவிடும்.

"தர மேம்பாட்டுக்காக" என்ற சொல்லை நான் முதலில் அடித்தேன். பல ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் ஓர் ஊறுகாய் நிறுவனம் "பேக்கிங் மாற்றம் காரணமாக" என்று எழுதிச் சரக்கைத் திருப்பிக் கேட்டது. காரணம் அவ்வளவுதான் என்று நம்பிய ஒரு மொத்த வியாபாரி, எதற்கு வீணாக்குவது என்று, திருவிழாக் கடைகளுக்குப் பாதி விலையில் தள்ளிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆபத்து இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே. காரணம் தெளிவாக இல்லாத கடிதத்தைப் படிப்பவர், அதை வியாபாரக் கடிதமாகவே படிப்பார்.

அனுப்பிய மின்னஞ்சல்

முதலில் தொலைபேசியில் சொல்லி, அழைப்பு முடிந்ததும் மின்னஞ்சலை அனுப்பி, பட்டையின் நிறமும் பேட்ச் எண் அச்சாகியிருக்கும் இடமும் தெரியும் இரண்டு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நாம் இருவரும் சேர்ந்து எழுதிய வாசகம் இது:

> பொருள்: அவசரம் – உணவுப் பொருள் திரும்பப் பெறுதல் – பால் சாக்லேட் 50 கிராம், பேட்ச் எண் 0318 – விற்பனையை உடனே நிறுத்தவும்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> இன்று காலை 10.20 மணிக்குத் தொலைபேசியில் தெரிவித்ததை இதன்மூலம் உறுதி செய்கிறோம்.
>
> எங்கள் பால் சாக்லேட் 50 கிராம் உறையிட்ட கட்டிகள் சிலவற்றில், உறையில் குறிப்பிடப்படாத நிலக்கடலையும் முந்திரியும் உள்ளன. இவை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான விளைவை உண்டாக்கக்கூடும். ஒரு குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகப் புகார் வந்துள்ளது. எந்தெந்தக் கட்டிகள் என்று பிரித்தறிய இயலாததால், கீழ்க்கண்ட பேட்ச் முழுவதையும் திரும்பப் பெறுகிறோம்.
>
> பொருள்: பால் சாக்லேட், 50 கிராம், நீல ஓரப் பட்டை உள்ள பழுப்பு உறை. பேட்ச் எண்: 0318 (உறையின் பின்புற மடிப்பில்). தயாரித்த நாள்: 18.03.2025. தங்களுக்கு அனுப்பியது: 21.03.2025 தேதியிட்ட எங்கள் இன்வாய்ஸ்படி 30 பெட்டிகள், 720 கட்டிகள்.
>
> சிவப்பு ஓரப் பட்டை உள்ள கடலைச் சாக்லேட்டிலும் 0318 என்ற எண் இருக்கும். அது இந்தத் திரும்பப் பெறுதலில் சேராது. பட்டையின் நிறத்தையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கவும்.
>
> தாங்கள் செய்ய வேண்டியவை: குடோனில் உள்ள இந்தச் சரக்கை உடனே தனியே எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டி, பூட்டி வைக்கவும். இந்தச் சரக்கு போன ஒவ்வொரு கடைக்கும், துணை விநியோகஸ்தருக்கும் இந்த மின்னஞ்சலை இன்றே அனுப்பி, அலமாரியிலும் ஜாடியிலும் தனித்தனியாக வைத்த கட்டிகளையும் எடுக்கச் சொல்லவும். உறை கிழிந்தோ எண் அழிந்தோ இருந்தால், அதையும் இந்தப் பேட்சாகவே கருதவும். யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவோ, உண்ணவோ, வேறு சரக்கோடு கலக்கவோ, அழிக்கவோ வேண்டாம். எங்கள் எழுத்துப்பூர்வமான தகவல் வரும்வரை எங்களுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.
>
> இன்று மாலை 6 மணிக்குள் இந்த மின்னஞ்சல் கிடைத்ததை உறுதி செய்து, குடோன் இருப்பு எத்தனை கட்டிகள், எந்தெந்தக் கடைக்கு எத்தனை கட்டிகள் அனுப்பப்பட்டன என்ற பட்டியலை அனுப்பவும். கடைகளிலிருந்து எடுத்த எண்ணிக்கையை மூன்று நாள்களுக்குள் தெரிவிக்கவும். சரக்கு ஏதும் மீதம் இல்லையென்றாலும் "இல்லை" என்று பதில் அனுப்பவும்.
>
> எடுக்கப்பட்ட சரக்கின் முழு மதிப்புக்கும் கிரெடிட் நோட்டு தருவோம். சேகரிப்புக்கான நியாயமான வண்டிச் செலவையும் ஏற்போம். இது குறித்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவித்துள்ளோம். ஐயம் இருந்தால் எந்த நேரத்திலும் கீழ்க்கண்ட கைபேசி எண்ணில் அழைக்கவும்.

இதில் சில வாக்கியங்கள் மிகையாகத் தோன்றலாம். "உண்ண வேண்டாம், இலவசமாகக் கொடுக்க வேண்டாம்" என்பதை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். திரும்பி வரும் சாக்லேட் நம் ஊரில் எங்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும்: கெட்டுப்போகவில்லையே என்று, குடோன் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவார்கள். உள்ளே இருப்பது நல்ல சாக்லேட்தான். ஆபத்து உறையின் பொய்யில் இருப்பதால், பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"திருப்பி அனுப்ப வேண்டாம்" என்பதற்குக் காரணம் வெயில். கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும். ஏப்ரல் மாதக் கோவையில் மூடிய பார்சல் வண்டிக்குள் அதைவிடச் சூடாக இருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டி மேலே வந்து சேர்வதற்குள் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டால், எத்தனை வந்தன என்று யாராலும் எண்ண முடியாது. எண்ண முடியாத சரக்கு திரும்பி வந்ததாகக் கணக்கில் நிற்காது. இருக்கும் இடத்திலேயே எண்ணி, படம் எடுத்து, பூட்டி வைப்பதே சரி.

"இல்லை என்றாலும் பதில் அனுப்பவும்" என்ற வரி இல்லாவிட்டால், பதில் போடாதவரிடம் சரக்கு இல்லையா அல்லது அவர் மின்னஞ்சலையே பார்க்கவில்லையா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

எதை எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். யார் மேசையில் உறையை விட்டது, எப்படிக் கவனம் தவறியது, எவ்வளவு வருந்துகிறீர்கள் என்பவை அதில் இல்லை. உங்கள் முதல் வரைவில் மூன்று பத்திகள் மன்னிப்பாகவே இருந்தன. குடோனில் நின்றபடி கைபேசியில் படிப்பவருக்கு அவை இடைஞ்சல். காரணத்தை முழுதாக ஆராயும் முன்பே யார்மீது தவறு என்று எழுதுவது சட்டப்படியும் விவேகமல்ல.

எழுதினால் மாட்டிக்கொள்வேனா?

ஒளிக்காமல் சொல்கிறேன்: பொறுப்பு உங்களுக்கு உண்டு. தப்புக் குறியீடு கொண்ட உணவுக்கு 52ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குழந்தைக்கு ஏற்பட்டது போன்ற பாதிப்புக்கு 65ஆம் பிரிவின் கீழ் 1 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு கேட்க வழியுண்டு; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழும் தனியாக வழக்குப் போடலாம். இந்தப் பொறுப்பு மார்ச் 18 அன்று உறை மடித்தபோதே பிறந்துவிட்டது. அதை மின்னஞ்சல் உண்டாக்கவில்லை.

மின்னஞ்சல் மாற்றுவது வேறொன்றை. அபராதத்தை முடிவு செய்யும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. மீறல் தெரியாமல் நடந்ததா என்பதும், பிறருக்கு விளைந்த இழப்பு எவ்வளவு என்பதும் அவற்றில் அடங்கும். இன்றுவரை நடந்தது தெரியாமல் நடந்தது. நாளை விற்கும் கட்டி தெரிந்தே விற்ற கட்டியாகிவிடும். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதற்கு, நேரம் பதிந்த அந்த மின்னஞ்சல்தான் உங்கள் கையில் இருக்கும் சான்று.

துறைக்குத் தெரிவிப்பதும் உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. 2017ஆம் ஆண்டின் உணவுத் திரும்பப் பெறுதல் ஒழுங்குமுறைப்படி, திரும்பப் பெறத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். நடைமுறையில், உதகையில் உள்ள மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்துக்கு முதலில் பேசிவிடுங்கள். பாதிச் சரக்குக்கு மேல் கோவையில் இருப்பதால், அந்த மாவட்ட நியமன அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். விநியோகஸ்தருக்கு எழுதிய மின்னஞ்சலையே இணைத்தால், இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொன்ன குழப்பம் வராது.

விநியோகஸ்தருக்குப் போன 30 பெட்டிகளைப் பற்றியே இதுவரை பேசினோம். மீதி 16இல் நான்கு உங்கள் குடோனிலேயே இருந்தன. மற்ற பன்னிரண்டும், அதாவது 288 கட்டிகள், நீங்கள் நேரடியாகக் கொடுத்த உதகை, குன்னூர்க் கடைகளுக்குப் போனவை. எனக்கு இவற்றைப் பற்றித்தான் அதிகக் கவலை. கோவைக் கடையில் வாங்குபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். ஊட்டியில் வாங்குபவர் அடுத்த நாளே மைசூருக்கோ கோழிக்கோட்டுக்கோ போய்விடுவார். கடையில் அறிவிப்பு ஒட்டினால் அவருக்குத் தெரியாது. எனவே அந்தக் கடைகளுக்கு நீங்களே நேரில் போய்ச் சரக்கை எடுங்கள் என்றும், ஆங்கிலத்திலும் தமிழிலும் பத்திரிகை அறிவிப்புக் கொடுப்பது பற்றியும், எந்தெந்த மாநிலம் வரை என்பது பற்றியும் நியமன அலுவலரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள் என்றும் சொன்னேன். அறிவிப்பில் உங்கள் சாக்லேட்டின் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அப்படி ஒரு அறிவிப்பை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

பதில் வந்த பிறகு

மூன்றாம் நாள் விநியோகஸ்தரிடமிருந்து பட்டியல் வந்தது. குடோனில் 264, கடைகளிலிருந்து எடுத்தவை 312, வாடிக்கையாளருக்கு விற்றுப்போனவை 131. கூட்டினால் 707. அனுப்பியதோ 720. அந்தப் பதிமூன்றையும் "விற்றிருக்கும்" என்று சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். சேர்க்காதீர்கள். விற்றவை என்றால் கடைக்காரர் ரசீதோ கணக்கோ காட்டி உறுதி செய்தவை. மீதியைக் "கணக்கில் வராதவை – 13" என்றே அறிக்கையில் காட்டுங்கள். பிறகு கடை கடையாகக் கேட்டபோது, ஒரு பேக்கரியின் கல்லாப் பக்கத்துக் கண்ணாடி ஜாடியில் ஒன்பது கிடைத்தனவே, அவை அப்படி எழுதியதால்தான் தேடப்பட்டன. மிச்சம் நான்கு இன்னும் கணக்கில் வராதவையாகவே நிற்கின்றன, நிற்கட்டும்.

கிரெடிட் நோட்டை விநியோகஸ்தர் ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு ஏற்ப, மூல இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு, ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் கொடுங்கள். வியாபாரத் தள்ளுபடியாக அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் ஏற்காதீர்கள்; திரும்பப் பெற்றதற்கான தடயம் அதில் மறைந்துவிடும்.

உறையை மட்டும் மாற்றிக் கடலைச் சாக்லேட்டாக விற்றால் நட்டம் குறையுமே என்று கேட்டிருந்தீர்கள். எது கடலைக் கட்டி, எது பால் கட்டி என்று பிரிக்க முடியாததுதான் இங்கே பிரச்சினையின் தொடக்கமே; 46 பெட்டிகளிலும் கடலை உறை போட்டால், பெரும்பாலானவற்றில் கடலை இருக்காது. மறுபடியும் உருக்கிக் கடலை சேர்த்து, உண்மையான லேபிளோடு விற்பது கொள்கையளவில் முடியும். ஆனால் அலுவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஒரு கட்டியையும் தொடாதீர்கள். நூறு பேர் கை பட்ட சரக்கு என்பதால், கடைகளிலிருந்து வந்தவற்றுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். உங்கள் குடோனை விட்டே போகாத 96 கட்டிகளுக்கு வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

மற்றவற்றை அலுவலர் முன்னிலையில், எண்ணிக்கையும் எடையும் குறித்து, உறைகளை வெட்டிப் படம் எடுத்து, அவர் சொல்லும் முறையில் அழிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்து ஓரம் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். கோத்தகிரியில் இருந்துகொண்டு முப்பது நாற்பது கிலோ சாக்லேட்டை மண்ணுக்குள் வைத்தால், அன்று இரவே கரடி வந்து தோண்டிவிடும். அப்புறம் வனத்துறைக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோவைச் சரக்கைக் கோவையிலேயே அழிக்க ஏற்பாடு செய்து, அழிப்புச் சான்றின் நகலை விநியோகஸ்தரிடமிருந்து வாங்கி, அந்த முதல் மின்னஞ்சலோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

அடுத்த உறை அச்சடிக்கும்போது கடலைச் சாக்லேட்டுக்கு முழு உறையையும் வேறு நிறத்தில் போடுங்கள். பேட்ச் எண்ணையும் நாளுக்கு ஒன்றாக இல்லாமல் வகைக்கு ஒன்றாகப் பிரியுங்கள். மாலையில் உறைக் கணக்கு சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அன்றைய பெட்டிகள் குடோனை விட்டுப் போகட்டும். இந்த முறை அதே கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்தது, சரக்கு கோவைக்குப் போய்ப் புகார் வந்த பிறகு.